அத்தம் நாளில் கொண்டுபோன பூ

என் திருமணம் முடிந்து திருவனந்தபுரத்திற்குக் குடிவந்தது 1991-ஆம் ஆண்டில். என் கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை, வீடு மணக்காட்டில். தக்கலையில் பிறந்து வளர்ந்தவளாகையால் மலையாளம் எனக்குக் காதுக்குப் புதிதல்ல. ஆனால் மலையாளிகளுக்கு நடுவே குடியிருப்பது புதிது. எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டில் ஓர் ஆசிரியை குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று முதல் இன்றுவரை எனக்கு அவர் 'சேச்சி'. நான் அவருக்கு 'மோளே'.

வந்த ஆண்டே ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலையில் சேச்சியின் முற்றத்தில் வட்டமாகப் பூ போட்டிருப்பதைக் கண்டேன். மலையாளிகள் அந்த மாதத்தைச் சிங்ஙம் என்பார்கள். அந்த மாதத்து அத்தம் நட்சத்திரத்தில் தொடங்கி, பத்தாம் நாளான திருவோணத்தில் முடியும் வரை நாள்தோறும் பூக்களம் இடுவார்கள். முதல் நாள் மிகச் சிறியது. பெரும்பாலும் தும்பைப் பூ மட்டுமே. பிறகு நாளுக்கு நாள் வட்டம் பெரிதாகும், பூவின் வகையும் கூடும். பழைய முறைப்படி சிவந்த பூவை முதல் நாளில் சேர்க்கமாட்டார்கள். மூன்றாம் நாளான சோதி முதல்தான் செம்பருத்திக்கு இடமுண்டு. இதையெல்லாம் மதிலோரம் நின்றபடியே சேச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கேட்டு முடித்ததும் எனக்கு ஒரு குழப்பம் பிறந்தது. பெருநாளன்று காலையில் தவறாமல் வந்து, 'பெருநாள் ஆசம்சகள்' என்று என் கையைப் பிடித்துச் சொன்னவர் சேச்சி. இப்போது அவருடைய பண்டிகை வந்திருக்கிறது. நான் என்ன சொல்வது? சொல்லலாமா, கூடாதா? என் மாமி (அல்லாஹ் அவர்களுடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக) கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். "அது மாவேலி வருகிற நாளாம். நமக்கும் மாவேலிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. மகாபலி மன்னன் ஆண்டுக்கொரு முறை தன் மக்களைக் காண வருகிறான் என்ற நம்பிக்கை அந்த நாளோடு பிணைந்திருக்கிறது. அதை நாம் நம்புவதுமில்லை. நம்புவதாகக் காட்டிக்கொள்ளவும் முடியாது.

என் கணவர் பள்ளிவாசலில் இருந்த ஹஸ்ரத் அவர்களிடம் இதைக் கொண்டுபோனார்கள். ஹஸ்ரத் உடனே தீர்ப்புச் சொல்லவில்லையாம். முதலில், "என்ன சொல்லி வாழ்த்துவீர்கள்?" என்று கேட்டார்களாம். 'ஓணாசம்சகள்' என்பதுதான் சொல்; ஓண வாழ்த்துகள் என்பது அதன் பொருள்; அதற்கு மேல் தெய்வத்தின் பெயரோ வணக்கமோ அதில் இல்லை என்று என் கணவர் விளக்கினார்கள். அதன் பிறகு ஹஸ்ரத், நம்மோடு பகை கொள்ளாத மக்களுக்கு நன்மை செய்வதையும் அவர்களிடம் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்ற கருத்தில் அமைந்த 'மும்தஹினா' அத்தியாயத்தின் எட்டாம் வசனத்தை நினைவூட்டினார்கள். "அண்டை வீட்டாரின் மகிழ்ச்சிக்கு மகிழ்ச்சி தெரிவிக்கலாம். விளக்கின் முன் நிற்பதும், படைத்ததை உண்பதும் வேண்டாம்" என்று வரம்பு காட்டி அனுப்பினார்கள். இந்த விஷயத்தில் இதைவிடக் கண்டிப்பான கருத்துடைய ஆலிம்களும் உண்டு. அவர்களைப் பின்பற்றுகிற சகோதரிகளோடு வாதிட நான் வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வரம்பு காட்டுவது ஹஸ்ரத்துக்கு எளிது; அதை அண்டை வீட்டில் போய்ச் சொல்வது எனக்கல்லவா கடினம்! திருவோணத்தன்று பகல் உணவுக்குச் சேச்சி அழைத்திருந்தார். ஓண சத்யை என்பது இங்கெல்லாம் முழுச் சைவ உணவு. ஆகவே அறுத்தது யார், எப்படி அறுத்தார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. (வடக்கே கண்ணூர், கோழிக்கோடு பக்கங்களில் சில இந்து வீடுகளில் ஓணத்திற்கு மீனும் இறைச்சியும்கூட உண்டு. அங்கே விருந்துக்குப் போகிறவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.) ஆனால் சைவம் என்பதனால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பல வீடுகளில் எவரும் உண்ணுவதற்கு முன்னால் நிலவிளக்கு ஏற்றி, அதன் முன் நுனி இலை போட்டு, எல்லா வகையிலும் சிறிது பரிமாறிப் படைப்பார்கள். படைத்தானதும் அந்த இலையில் உள்ளதையும் வீட்டார் உண்பார்கள். சில வேளைகளில் அதிலுள்ள பாயசத்தைப் பிரியத்தோடு விருந்தினருக்கும் பகிர்ந்து தருவார்கள். நமக்குச் சிக்கல் அந்த ஒரு கரண்டியில்தான் இருக்கிறது.

இரண்டு நாள் யோசித்தேன். அங்கே போய் இலையில் அமர்ந்தபின் வேண்டாம் என்று கையை மறித்தால் அது அவமதிப்பாகும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் வெறும் செய்தியாகும். பூராட நாளன்று மாலையில் மதிலோரம் சேச்சியைக் கண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னேன். விளக்கின் முன் வைத்ததை மட்டும் எங்களால் உண்ண இயலாது, அது எங்கள் மார்க்கத்தின் கட்டுப்பாடு, உங்கள் சமையலில் குறை கண்டு அல்ல என்றேன். சேச்சி சிரித்துவிட்டார். "அதினெந்தா மோளே, ஞான் மாற்றி வய்க்காம்" என்றார். 'அதற்கென்ன, நான் தனியே எடுத்து வைக்கிறேன்' என்பது அதன் பொருள். அந்த ஆண்டு முதல், விளக்கு ஏற்றுமுன்பே எங்களுக்கானது நான்கடுக்குத் தூக்குப் பாத்திரம் ஒன்றில் தனியே போய்விடும். அந்தப் பாத்திரத்திற்கே அவர்கள் வீட்டில் பிற்காலத்தில் என் பெயர் வந்துவிட்டது.

சத்யையைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் பிள்ளைகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்கவேண்டும். பரிமாறுவதும் அங்கிருந்தே தொடங்கும். நேந்திரங்காய் உப்பேரி, சர்க்கரை வரட்டி, இஞ்சிக் கறி, மாங்காய், நாரத்தங்காய், பச்சடி, கிச்சடி, அவியல், தோரன், ஓலன் என்று ஒரு வரிசை. பிறகு சோறு. முதலில் பருப்பும் நெய்யும் பப்படமும், அடுத்து சாம்பார், அதன் பின் பாயசம். திருவனந்தபுரத்துக்காரர்கள் பாயசத்தோடு போளியைச் சேர்த்து உண்பார்கள். பிற மாவட்டத்து மலையாளிகள் இதைப் பார்த்து வியப்பதுண்டு. இனிப்போடு முடிந்துவிட்டது என்று நான் முதல் ஆண்டு எழப்பார்த்தேன். "இரிக்கூ, மோரு வருந்நு" என்று சேச்சி அமர்த்திவிட்டார். பாயசத்திற்குப் பிறகும் ஒரு கை சோறு உண்டு. அதற்கு ரசமும் மோரும்.

2008, 2009, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளும் திருவோணம் ரமளான் மாதத்திற்குள்ளேயே வந்தது. சேச்சி நோன்பின் கணக்கை எங்களைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டார். பகலில் பாத்திரம் வரவில்லை. மக்ரிபுக்கு அரைமணி நேரம் இருக்கையில் அவருடைய கணவரே அதைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். நாங்கள் அவரைச் சேட்டன் என்போம். மிகக் குறைவாகப் பேசுகிறவர். "சூடுண்டு, சூட்சிக்கணம்" என்பதைத் தவிர அந்த மூன்று ஆண்டுகளிலும் வாசலில் வேறெதுவும் அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நாங்களும் வெறுங்கையோடு இருந்துவிடவில்லை. ஓணத்திற்கு என்ன கொண்டுபோவது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் ஆண்டு உத்திராட நாளன்று மாலை நல்ல நேந்திரங்காய்க் குலை ஒன்றைக் கொண்டுபோனேன். சேச்சி மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். ஆனால் உப்பேரி வறுத்து டப்பாவில் அடைத்து நான்கு நாளாகியிருந்தது! உத்திராடத்தன்று ஊரே கடைத்தெருவில் இருக்கும். கடைசி நேரச் சாமான் வாங்க ஓடுகிற அந்த ஓட்டத்திற்கு 'உத்ராடப் பாச்சில்' என்றே பெயர். அன்று ஒரு வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போனால், அடுப்படியில் நிற்கிற பெண்ணை இழுத்துக் கூடத்தில் உட்கார வைத்த பாவம் வரும். திருவோணமோ அவர்கள் குடும்பத்தோடு இருக்கிற நாள். ஆகவே திருவோணக் காலையில் வாயிலில் நின்று ஒரு வரி வாழ்த்து. சாவகாசமாகப் போய் உட்கார்ந்து பேச அதற்கு மறுநாள், அவிட்டம். உத்திராடத்தை ஒன்றாம் ஓணம், திருவோணத்தை இரண்டாம் ஓணம் என்று எண்ணுவதால் அவிட்டத்துக்கு மூன்றாம் ஓணம் என்று பெயர்.

என் கொடை நாளடைவில் பூவாக மாறிற்று. நகரத்தில் தும்பைக்கும் முக்குற்றிக்கும் எங்கே போவது? இன்று திருவனந்தபுரத்தில் இடுகிற பூக்களத்தின் பெரும்பகுதி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையிலிருந்து ஏறுகிற பூதான். வாடாமல்லி, அரளி, செவ்வந்தி, கேந்தி எல்லாம் அங்கே விடியுமுன் நிறுத்துக் கட்டப்பட்டு எல்லை தாண்டும். என் தம்பிக்குத் தோவாளையில் பழக்கமான கடை உண்டு. அத்தத்தன்று ஒரு கிலோ கேந்தியும் அரைக் கிலோ வாடாமல்லியும் முதல் பேருந்தில் கொடுத்துவிடுவான். தும்பையின் வெண்மைக்கு ஈடாகக் கொஞ்சம் வெள்ளை அரளி. என் மகள்கள் மதிலைச் சுற்றி ஓடிப்போய்ச் சேச்சியின் திண்ணையில் உட்கார்ந்து இதழ் கிள்ளுவார்கள். கேந்தியின் அடியிலுள்ள பச்சைக் காம்பு ஒன்றுகூடக் கலக்கக்கூடாது. கலந்தால் நிறம் மங்கித் தெரியும். சேட்டன் நூலின் ஒரு நுனியில் சுண்ணக் கட்டியைக் கட்டி, மறு நுனியை நடுவில் அழுத்திப் பிடித்து வட்டம் போட்டுக் கொடுப்பார். நடுவிலிருந்து தொடங்கி வெளியே வருவதுதான் முறை. இதழ் கிள்ளுவதோடு எங்கள் பிள்ளைகளின் வேலை முடிந்தது. விளக்கு ஏற்றும் நேரத்தில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சேட்டன் மவுத்தானார். நெஞ்சுவலி என்று சொன்ன அன்றிரவே. சேச்சியின் மகன் வளைகுடாவிலிருந்து வந்து சேரும் வரை நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். சடங்குகள் எல்லாம் முடிந்தன. மகன் திரும்பிப் போனான். சேச்சி பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

நாள்கள் கடந்தன. எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நம் மார்க்கத்தில் இறந்தவருக்காக மூன்று நாளுக்கு மேல் துக்கம் அனுஷ்டிப்பதில்லை. கணவனை இழந்தவளுக்கு மட்டும் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா. மார்ச்சில் நடந்தது; ஜூலைக் கடைசியோடு அந்தக் கணக்கும் முடிந்துவிடும். ஆகஸ்டு இறுதியில் அத்தம் பிறந்தது. இனியாவது சேச்சியின் முகத்தில் ஒளி வரட்டும் என்று எண்ணினேன். தம்பியிடம் வழக்கத்தைவிட இரட்டிப்பாகப் பூ அனுப்பச் சொன்னேன். நான் செய்தது அன்பினால்தான். ஆனால் வேறொரு வீட்டின் துக்கத்தை என் வீட்டு நாள்காட்டியை வைத்து அளந்துவிட்டேன்.

அன்று காலை இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு நானே போனேன். முற்றத்தில் பூ இல்லை. தரை பெருக்கித் தெளித்ததோடு வெறுமையாக இருந்தது. அதைக் கண்ட அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உதவிக்கு ஆளில்லாததால் இடவில்லை என்றே நினைத்தேன். கதவைத் திறந்த சேச்சியிடம், "ஓணாசம்சகள், சேச்சி! பூ கொண்டு வந்நிட்டுண்டு" என்று உரக்கச் சொன்னேன்.

சேச்சி பைகளை வாங்கிக்கொண்டார். ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. "இருந்து சாயா குடிச்சிட்டுப் போ" என்று எங்கள் தமிழிலேயே சொன்னார். நான் சாயா குடித்தேன், ஏதேதோ பேசினேன், வந்துவிட்டேன். மாலையில் மதிலுக்கு மேலே பார்த்தபோது அந்தப் பைகள் திண்ணை ஓரத்தில், வாய் கட்டியபடியே இருந்தன. வெயிலில் கேந்தி வெந்து, பைக்குள் நீர் கோத்திருந்தது.

மூன்றாம் வீட்டுப் பெண்தான் எனக்குச் சொன்னாள். இறப்பு நடந்த வீட்டில் ஆண்டு திரும்பி அந்தத் திதி முடியும் வரை ஓணமும் இல்லை, விஷுவும் இல்லை. பூக்களம் இடமாட்டார்கள், ஓணக்கோடி எடுக்கமாட்டார்கள், யாரும் வாழ்த்துச் சொல்லவும் மாட்டார்கள். தெரிந்தவர்கள் அந்த வீட்டு வாயிலைக் கடக்கும்போது பண்டிகைப் பேச்சையே எடுக்கமாட்டார்களாம். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசிற்று. இருபத்து மூன்று ஆண்டுகள் அடுத்த வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லையே! இத்தனை காலமும் அந்த வீட்டில் இறப்பு நேரவில்லை என்பதே அதற்குக் காரணம். அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வதா, என் அறியாமையை நொந்துகொள்வதா?

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு மறுபடி போனேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "எனக்குத் தெரியாது சேச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "ஈ வர்ஷம் நமுக்கு ஓணமில்ல மோளே" என்றார். இந்த ஆண்டு நமக்கு ஓணம் இல்லை. 'எனக்கு' என்று சொல்லாமல் 'நமுக்கு' என்று சொன்னதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். பிறகு அவராகவே, சேட்டன் நூலில் சுண்ணக் கட்டி கட்டுவதைப் பற்றியும், நூல் எப்போதும் சிக்கலாகிவிடுவதைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். மார்ச்சிலிருந்து அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அந்தத் திருவோணத்தன்று எங்கள் வீட்டில் எப்போதும்போல் சமைத்தோம். வாழ்த்து என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. பகலில் சோறும் பருப்பும் ஒரு கூட்டும் எடுத்துக்கொண்டு போய்ச் சேச்சியோடு உட்கார்ந்து உண்டேன். இலை போடவில்லை, தட்டில்தான்.

இப்போது மலையாளித் தோழி உள்ள எந்தச் சகோதரி என்னிடம் ஓண வாழ்த்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, அந்த வீட்டில் ஓராண்டுக்குள் யாரும் இறந்தார்களா என்பதே. தெரியாவிட்டால் அத்தம் முதல் உத்திராடத்திற்குள் ஒருமுறை வாயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். வழக்கமாகப் பூ இடுகிற வீட்டில் அந்த ஆண்டு பூ இல்லையென்றால் வாழ்த்தை மனத்தோடு வைத்துக்கொண்டு நலம் மட்டும் விசாரிக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பூக்களமே இடாத வீடுகள் பல என்பதால் இந்த அடையாளம் எங்கும் பொருந்தாது. அங்கெல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்பதைத் தவிர வழியில்லை.

2015 மார்ச்சில் சேட்டனின் ஆண்டுத் திதி முடிந்தது. ஆனாலும் ஆகஸ்டில் அத்தம் நெருங்கியபோது எனக்குத் துணிவு வரவில்லை. தம்பி, "பூ அனுப்பட்டுமா அக்கா?" என்று தொலைபேசியில் கேட்டான். வேண்டாம், பிறகு சொல்கிறேன் என்றேன். அத்தத்தன்று சுபுஹு தொழுது, முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு மேலே ஒரு வெறுங்கூடை தெரிந்தது. அதற்குப் பின்னால் சேச்சியின் முகம்.

"மோளே, தோவாளைப் பூ எவிடே?"

துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தம்பிக்குத் தொலைபேசி செய்ய ஓடினேன். முதல் பேருந்து போய்விட்டது. இரண்டாவதில் அனுப்புகிறேன் என்றான். பூ வந்து சேரும்போது பத்து மணி. என் சின்ன மகள் சேச்சியின் திண்ணையில் நூலும் சுண்ணக் கட்டியும் வைத்துக்கொண்டு, சிக்கலை எடுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.